சிவப்பு நீலமாகும் துளி

வீடு வீடாக வந்து தண்ணீரைச் சோதித்துக் காட்டும் விற்பனையாளரின் சட்டைப் பையில் பேனா போல ஒரு கருவி இருக்கும். டம்ளரில் பிடித்த போர் தண்ணீரில் அதை முக்குவார். சின்னத் திரையில் 980 என்று வரும். "பாருங்கம்மா, தொள்ளாயிரத்து எண்பது! இதையா குடிக்கிறீங்க?" என்பார். வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் ஏதோ ஓர் இயந்திரத்துக்கு முன்பணம் கைமாறியிருக்கும்.

அந்தப் பேனா பொய் சொல்லவில்லை. ஆனால் அது பதில் சொன்னது வேறு கேள்விக்கு. டி.டி.எஸ். மீட்டர் எனப்படும் அந்தக் கருவி, தண்ணீர் வழியே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, கரைந்திருக்கும் உப்புகள் மொத்தமாக இவ்வளவு இருக்கும் என்று கணித்துச் சொல்கிறது. அதற்குச் சோற்றுப்பும் சுண்ணாம்பும் ஒன்றுதான். கீசர் கம்பியில் வெள்ளையாய்ப் படிவதும், சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய்ப் போவதும், துவரம் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் மொத்த உப்பின் வேலை அல்ல. கால்சியம், மெக்னீசியம் என்ற இரண்டின் வேலை. நீரில் இவ்விரண்டும் சேர்ந்து எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். அதை அளக்க இன்றும் ஆய்வகங்கள் பெரும்பாலும் நம்புவது ஒரு பியூரெட், ஒரு கூம்புக் குடுவை, ஒரு நிறமாற்றம் ஆகியவற்றைத்தான்.

இதற்கு முன்பிருந்த முறை இன்னும் எளிமையானது. ஸ்காட்லாந்தின் வேதியியலாளர் தாமஸ் கிளார்க், 1841-ல் சோப்பையே அளவுகோலாக்கினார். அளந்தெடுத்த நீரில் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நின்றால், அதுவரை செலவான சோப்பே கடினத்தன்மையின் அளவு. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு இது ஓடியது. ஆனால் நுரை நின்றதா, சரிந்ததா என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. மெக்னீசியம் அதிகமுள்ள நீரில் நுரை நின்றதுபோல் நின்று ஏமாற்றவும் செய்யும்.

1930-களில் ஜெர்மனியில் ஃபெர்டினான்ட் மூன்ஸ் என்ற வேதியியலாளர் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தை உருவாக்கினார். சாயத் தொழிலுக்குத் தொல்லை தரும் கால்சியத்தைக் கட்டிப்போடுவதுதான் அன்றைய நோக்கம். அதைக் கொண்டு உலோகங்களை எண்ணிவிடலாம் என்று 1940-களில் வழிகாட்டியவர் சூரிச் பல்கலைக்கழகத்தின் கெரால்ட் ஷ்வார்ட்சன்பாக்.

ஈ.டி.டி.ஏ. மூலக்கூறை ஆறு கொடுக்குள்ள நண்டாக நினைத்துக்கொள்ளலாம். ஓர் உலோக அயனியைச் சுற்றி வளைத்து ஆறு இடங்களில் பிடித்துக்கொள்ளும். ஒரு மூலக்கூறு ஓர் அயனியைத்தான் பிடிக்கும், இரண்டை அல்ல. கால்சியமானாலும் மெக்னீசியமானாலும் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. அதனால் எத்தனை ஈ.டி.டி.ஏ. செலவானது என்று தெரிந்தால், நீரில் எத்தனை அயனிகள் இருந்தன என்பதும் தெரிந்துவிடும்.

எல்லாம் பிடிபட்டுவிட்டது என்பதை எப்படி அறிவது? அதற்குத்தான் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி. கம்பளிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட கறுப்புப் பொடி அது. மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது திராட்சை ரசம் போலச் சிவப்பாகவும், தனித்து விடப்பட்டால் நீலமாகவும் இருக்கும். பியூரெட்டிலிருந்து விழும் ஈ.டி.டி.ஏ. முதலில் நீரில் சும்மா திரியும் கால்சியத்தைப் பிடிக்கும், பிறகு மெக்னீசியத்தை. வெளியில் எதுவும் மிஞ்சாத நிலையில்தான் சாயத்தின் கையில் இருக்கும் மெக்னீசியத்தைப் பறிக்கும். பறித்த கணத்தில் குடுவை நீலமாகிவிடும்.

இந்தச் சாயத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நீரின் பி.எச். 10-ஐ ஒட்டி இருந்தால்தான் அது ஒழுங்காக நடந்துகொள்ளும். அமில நீரில் தனித்திருந்தாலும் அது சிவப்பாகவே இருக்கும், நிறமாற்றமே தெரியாது. அதற்காகத்தான் அம்மோனியாவும் அம்மோனியம் குளோரைடும் கலந்த தாங்கல் கரைசலைச் சேர்க்கிறார்கள். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அதனுடையது. ஆனால் பி.எச். 10 ஆனதும் ஒரு கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது. நீரிலுள்ள பைகார்பனேட் கார்பனேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாய்ப் பிரியப் பார்க்கும். பிரிந்த கால்சியம் ஈ.டி.டி.ஏ.யின் கைக்கு உடனே சிக்காது. ஆகவே தாங்கல் கரைசல் ஊற்றிய ஐந்து நிமிடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது விதி.

மேலே சொன்ன 980 தண்ணீரையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனதாக வைத்துக்கொண்டு, கணக்கைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் வேலை, ஈ.டி.டி.ஏ. கரைசலின் வலிமையைச் சரிபார்ப்பது. லிட்டருக்குச் சுமார் 3.72 கிராம் டைசோடியம் உப்பைக் கரைத்தால், ஒரு மி.லி. கரைசல் ஒரு மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்பது ஏட்டுக் கணக்கு. கரைத்தவர் கை, பொடியின் ஈரம், வைத்திருந்த பாட்டில் என்று பல காரணங்களால் அது கொஞ்சம் நகரும். கண்ணாடிப் பாட்டிலிலிருந்தே கால்சியம் கசிந்து கரைசலைக் கெடுக்கும் என்பதால், இதைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வைப்பதே வழக்கம். எனவே தூய கால்சியம் கார்பனேட்டைத் துல்லியமாக நிறுத்து, மி.லி.க்கு 1 மி.கி. இருக்கும்படி தயாரித்த கரைசலில் 20 மி.லி. எடுத்துத் தரம் பார்க்கிறார்கள். 19.6 மி.லி. ஈ.டி.டி.ஏ. செலவாகிறது. அப்படியானால் 1 மி.லி. ஈ.டி.டி.ஏ. 1.02 மி.கி.க்குச் சமம். இந்த 1.02-ஐக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வீட்டுத் தண்ணீர். 50 மி.லி. எடுத்துத் தாங்கல் கரைசலும் சிட்டிகை நிறங்காட்டிப் பொடியும் சேர்த்ததும் குடுவை சிவக்கிறது. ஈ.டி.டி.ஏ. இறங்குகிறது. பத்து, பதினைந்து, இருபது மி.லி. கடந்தும் சிவப்பு. 26-ஐத் தாண்டி நீலம் வருவதற்குள் ஐந்து நிமிடம் கடந்துவிட்டது. நீலமான குடுவை சற்று நேரத்தில் மறுபடி சிவக்கவும் செய்கிறது. பிரிந்து கிடந்த கால்சியம் மெல்லக் கரைந்து திரும்புகிறது என்பதற்கு இதுவே அடையாளம். கை தேர்ந்தவர் இந்த அளவீட்டை நோட்டில் அடித்துவிடுவார். இந்தத் தண்ணீருக்கு 50 மி.லி. அதிகம்.

இந்த முறை 25 மி.லி. மட்டும் எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 50 மி.லி.க்கு நிரப்புகிறார்கள். 12 மி.லி. வரை வேகமாக இறக்கிவிட்டு, சிவப்பு ஊதாவாக மங்கும்போது கை நிதானிக்கிறது. துளிக்கும் துளிக்கும் இடையில் மூன்று முதல் ஐந்து விநாடி. கடைசிச் செம்மையும் போய்த் தெளிந்த நீலம் வந்தபோது பியூரெட் காட்டுவது 13.1. இரண்டாம் முறையும் 13.1. காய்ச்சி வடித்த நீரை மட்டும் வைத்துச் செய்த வெற்றுச் சோதனையில் 0.1 செலவானது, அதைக் கழித்தால் 13.0.

13.0-ஐ 1.02-ஆல் பெருக்கினால் 13.26 மி.கி. இது 25 மி.லி.யில் இருப்பது. லிட்டருக்கு மாற்ற 40-ஆல் பெருக்கினால் 530. அறிக்கையில் "மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக, 530 மி.கி./லி." என்று ஏறுவது இந்த எண்தான்.

"கால்சியம் கார்பனேட்டாக" என்ற சொல்லைப் பார்த்துத் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்புக்கல் மிதப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வளையல், மோதிரம், சங்கிலி என எல்லாவற்றையும் பவுனில் சொல்வதுபோல இது ஒரு பொது அளவை. 40 மி.கி. கால்சியத்திலும் 24 மி.கி. மெக்னீசியத்திலும் இருக்கும் அயனிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. இரண்டையும் 100 மி.கி. கடினத்தன்மை என்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டையும் பிரித்தறிய இன்னொரு 25 மி.லி. தேவை. இதில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிப் பி.எச்.சை 12-க்கு மேல் ஏற்றினால், மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் பிரிந்து ஒதுங்கிவிடும். மிஞ்சும் கால்சியத்தை மட்டும் வேறொரு நிறங்காட்டியால் தரம் பார்க்கலாம். செலவானது 7.4 மி.லி. அதே கணக்கில் 302. அது கால்சியத்தின் பங்கு. 530-ல் மிச்சம் 228 மெக்னீசியத்தின் பங்கு. உலோகமாகச் சொன்னால் கால்சியம் 121 மி.கி., மெக்னீசியம் 55 மி.கி.

அறிக்கையைக் கையில் வாங்குபவர் இதையே திருப்பிப் போட்டுச் சரிபார்க்கலாம். கால்சியத்தை 2.5-ஆலும் மெக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மைக்கு அருகில் வர வேண்டும். வெகுவாகத் தள்ளி நின்றால் எங்கோ தட்டச்சுப் பிழையோ கணக்குப் பிழையோ இருக்கிறது. கேட்பதில் தப்பில்லை.

தவறு ஆய்வு மேசையிலும் நேரலாம். மூடியைச் சரியாக மூடாத தாங்கல் கரைசலிலிருந்து அம்மோனியா பறந்துவிட்டால் பி.எச். 10-ஐ எட்டாது, சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தாவாமல் நிறம் இழுத்துக்கொண்டே போகும். கரைத்து வைத்த எரியோகுரோம் நாளானால் கெட்டுவிடும் என்பதால்தான் பலரும் அதை உப்போடு அரைத்துப் பொடியாக வைத்திருக்கிறார்கள். குழாய்த் துரு கலந்து இரும்பு மிகுந்த தண்ணீர் இன்னொரு வகைத் தொல்லை. இரும்பு சாயத்தை இறுகப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. எவ்வளவு ஊற்றினாலும் குடுவை ஊதாவிலேயே நின்றுவிடும். டிரைஎத்தனால்அமீன் போன்ற ஒன்றைச் சேர்த்து இரும்பை மறைத்துவிட்டே தொடர வேண்டும். மெக்னீசியமே இல்லாத நீரிலும் நிறமாற்றம் மங்கலாக இருக்கும். சாயம் கால்சியத்தை உறுதியாகப் பிடிக்காததே காரணம். அதற்கென்று தாங்கல் கரைசலிலேயே ஈ.டி.டி.ஏ.யோடு பிணைந்த மெக்னீசியத்தைத் துளி கலந்து வைப்பார்கள். பிணைந்தே வருவதால் கணக்கு கெடாது.

இனி 530 என்பது நல்லதா, கெட்டதா? இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 இரண்டு எண்களைத் தருகிறது. ஏற்கத்தக்கது 200. வேறு நீராதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளத்தக்கது 600. கால்சியத்துக்கு அந்த இரட்டை எண்கள் 75-ம் 200-ம், மெக்னீசியத்துக்கு 30-ம் 100-ம். நமது மாதிரி மூன்றிலும் நடுவில் விழுகிறது. "குடிக்கலாமா சார்?" என்று கேட்பவருக்கு நேர்மையான பதில்: நல்ல தண்ணீர் கிடைத்தால் அதைக் குடியுங்கள், கிடைக்காவிட்டால் இந்த அளவு கடினத்தன்மையால் ஆபத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்கு உப்புத் தண்ணீர்மேல் பழி போடுவது ஊர் வழக்கம். மருத்துவம் உறுதியாகச் சொல்லும் காரணம் போதிய அளவு தண்ணீர் குடிக்காமல் இருப்பது. புளோரைடும் நைட்ரேட்டும் கிருமியும் வேறு சங்கதி. அவற்றைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

குடிப்பதில் பொறுத்துக்கொள்ளலாம், துவைப்பதில் கணக்கு உதைக்கும். ஒரு கிராம் கடினத்தன்மை சுமார் ஆறு கிராம் சோப்பை வீணாக்கும். அதுதான் வாளி விளிம்பில் ஒட்டும் பிசுக்கு. பத்து லிட்டர் வாளியில் இந்தத் தண்ணீரை நிரப்பினால் அதில் 5.3 கிராம் கடினத்தன்மை. அந்த வாளி நீர் முழுதும் நுரைக்க வேண்டுமென்றால், முதல் முப்பது கிராம் சோப்புக்கு மேல் சும்மா போகும். சலவைத் தூள்கள் இப்படித் திரிவதில்லை. ஆனால் அவற்றிலுள்ள சோடா வகைகள் முதலில் கால்சியத்தைச் சமாளிக்கவே செலவாகின்றன.

கீசருக்கும் சமையலுக்கும் வரும்போது 530 மட்டும் போதாது. அறிக்கையில் "மொத்தக் காரத்தன்மை" என்றொரு வரி இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. கவனிக்க வேண்டிய வரி அதுதான்.

நமது மாதிரியில் காரத்தன்மை 320 என்று வைப்போம். நீரிலுள்ள பைகார்பனேட்டின் அளவு அது. கடினத்தன்மையில் 320 பைகார்பனேட்டோடு கூடியது; கொதிக்க வைத்தால் சுண்ணாம்பாகப் பிரியக்கூடிய தற்காலிகப் பகுதி. மிச்சம் 210 சல்பேட், குளோரைடு போன்றவற்றோடு கூடிய நிரந்தரப் பகுதி. எத்தனை மணி நேரம் கொதித்தாலும் அசையாது. ஆக, இந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளிய இறுத்தால் கடினத்தன்மை குறையும், ஆனால் 210-க்குக் கீழே வராது. மெக்னீசியம் அவ்வளவு சுலபமாகப் பிரியாது என்பதால் நடைமுறையில் அதற்கும் சற்று மேலேயே நிற்கும். பருப்பின் தோலுக்கும் சதைக்கும் பசைபோல் இருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடுவதால்தான் பருப்பு வேக மறுக்கிறது. காய்ச்சி இறுத்த நீரில் வேகவைத்தால் வித்தியாசம் தெரியும்.

அந்தப் பிரியும் சுண்ணாம்பு எங்கே போகிறது? பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில். கீசரில் காய்ச்சினால் கம்பியில். தினமும் இருபது லிட்டர் சூடாகிறது, கால்சியப் பங்கு அனைத்தும் படிந்துவிடுகிறது என்று வைத்தால், நாளுக்கு ஆறு கிராம், மாதத்துக்கு 180 கிராம். கீசர் கொதிநிலையைத் தொடாததால் உண்மையில் படிவது இதில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியே சில ஆண்டுகளில் கம்பியை மூடப் போதும். சூட்டைக் குறைத்து வைத்தால் படிவும் குறையும், செலவில்லாத வைத்தியம்.

பக்கத்துத் தெருவில் இன்னொரு போரில் கடினத்தன்மை அதே 530, காரத்தன்மை மட்டும் 120 என்று இருக்கலாம். அங்கே சோப்பு இதே அளவு வீணாகும். கீசர் கம்பியில் படிவு வெகு குறைவாக இருக்கும். காய்ச்சிப் பருப்பு வேகவைக்கும் யோசனையும் அந்த வீட்டில் பலிக்காது.

இப்போது விற்பனையாளரிடம் திரும்பலாம். அவர் விற்றது மென்னீராக்கியாக இருந்தால், அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுப்பதால் மொத்த உப்பு குறையாது. கருவி பொருத்திய மறுநாள் அதே பேனாவை முக்கினால் அதே 980 ஏறக்குறைய வரும். "மிஷின் வேலை செய்யலை" என்று சண்டைக்குப் போவார்கள். மிஷின் வேலை செய்கிறது. பேனாவுக்கு அது தெரியாது. கண்டுபிடிக்க நிறங்காட்டியே போதும். டம்ளரில் கொஞ்சம் நீர், சில துளி தாங்கல் கரைசல், சிட்டிகைப் பொடி. நேராக நீலமானால் மென்னீர். சிவந்தால் பிசின் களைத்துவிட்டது, உப்பு போட்டுப் புதுப்பிக்க வேண்டும். கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி என்று கடைகளில் கிடைப்பவற்றில் பல இதே ஈ.டி.டி.ஏ. முறையைத் துளிகளாக எண்ணும்படி சுருக்கியவைதான்.

மென்னீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்வது நல்லது. 530 கடினத்தன்மையை முழுதும் மாற்றினால் லிட்டருக்குச் சுமார் 244 மி.கி. சோடியம் கூடுதலாகச் சேரும். 200-ஐத் தாண்டினால் நாக்குக்கே தெரியலாம். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் உள்ள வீட்டில் சமையலறைக் குழாயை அந்த இணைப்பில் சேர்க்கக் கூடாது. உப்பு போட்டுப் புதுப்பிக்கும்போது வெளியேறும் கழிவு நீரைத் தென்னைக்கோ செடிக்கோ விடவும் கூடாது. குடிநீருக்கு ஆர்.ஓ. வைப்பவர்கள், அது கடினத்தன்மை, சோடியம் இரண்டையும் குறைக்கும் என்பதோடு, ஒரு பங்கு நீரைக் கழிவாகத் தள்ளும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் கையேடு கேட்கும் கடினத்தன்மை பெரும்பாலும் ஜெர்மன் பாகையில் இருக்கும். அறிக்கை எண்ணை 17.8-ஆல் வகுக்க வேண்டும். 530-க்கு ஏறத்தாழ 30 பாகை.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, நிரம்பப் பிடித்து, அன்றே கொடுத்துவிடுவது நல்லது. நாள்கணக்கில் வைத்திருந்தால் சுண்ணாம்பு பாட்டில் சுவரிலேயே படிந்து, எண் குறைந்து வரும். மேல்தொட்டித் தண்ணீரா, மென்னீராக்கிக்கு முன்பா பின்பா என்பதைப் பாட்டில்மேல் எழுதுங்கள். மொத்தக் கடினத்தன்மையோடு கால்சியமும் காரத்தன்மையும் வேண்டும் என்று படிவத்தில் கேளுங்கள். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒரு முறை சோதித்த பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.